வீட்டு வாசலுக்கு வரும் பாலும் தயிரும்: அறிவிப்பில் நாம் பார்க்க வேண்டியவை

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை பகுதிகளில் இப்போது வாட்ஸ்அப் குழுமங்களைத் திறந்தால் பால் விநியோக அறிவிப்புகளைப் பார்க்கலாம். 'கறந்த பசும்பால், கெட்டித் தயிர், தினமும் அதிகாலை வீட்டு வாசலில்' என்று இருக்கும். விலையும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தினமும் கொடுக்கிற பொருள் என்பதால் இவை மட்டும் போதாது. பால் எங்கே கறக்கப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது, கறந்து எத்தனை மணி நேரத்தில் நம் கைக்கு வருகிறது என்ற மூன்றுக்கும் அறிவிப்பில் பதில் இருக்க வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

நம் பகுதிக்குப் பால் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று பாக்கெட் பால். ஆவின் அமைப்பில் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் காலையும் மாலையும் பாலை வாங்கி, குளிரூட்டி, மாவட்ட ஒன்றியங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே 72 டிகிரி வெப்பத்தில் 15 விநாடி சூடாக்கி, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைத்துப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்.

இரண்டாவது, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் கறந்து, காய்ச்சாமல் நேரடியாக வீடுகளுக்கு வருகிற பால். இதை விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 14 இலக்கப் பதிவு எண்ணை அவர் அறிவிப்பில் போடலாம். 'எத்தனை வீட்டு மாடுகளிலிருந்து சேர்க்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். பத்து வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றினால், அதில் ஒரு வீட்டுப் பால் கெட்டிருந்தாலும் கேன் முழுவதும் கெட்டுவிடும். அதனால் பாலை ஒன்றாக ஊற்றுவதற்கு முன்பே வீடு வீடாகச் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

பலர் 'லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம்' என்பார்கள். அது பாலின் அடர்த்தியை மட்டுமே காட்டும் கருவி. தண்ணீர் கலந்தால் அளவு இறங்கும், கொழுப்பை எடுத்துவிட்டால் அளவு ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அளவு பழைய இடத்துக்கே வந்து நின்றுவிடும்.

ஓர் உதாரணம். நல்ல பசும்பால் 10 லிட்டர் இருக்கிறது. லாக்டோமீட்டரில் 29, கொழுப்பு 4 சதவீதம். கொழுப்பைத் தவிர்த்த மற்ற சத்துகளைக் கண்டுபிடிக்க, 29ஐ நான்கால் வகுத்து, கொழுப்பை 0.21ஆல் பெருக்கிக் கூட்டி, அதோடு 0.36 சேர்க்க வேண்டும். 7.25, 0.84, 0.36 மூன்றும் சேர்ந்து 8.45 சதவீதம் வருகிறது. பசும்பாலில் கொழுப்பு குறைந்தது 3.2 சதவீதமும், மற்ற சத்துகள் குறைந்தது 8.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பால் தேறிவிட்டது.

இதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு ஏறக்குறைய 3.6 ஆகக் குறையும். கொழுப்பை மட்டும் பார்க்கிறவர் இதையும் வாங்கிக்கொள்வார். ஆனால் லாக்டோமீட்டர் அளவு 26 சொச்சத்துக்கு இறங்கி, மற்ற சத்து 7.7க்கு வந்துவிடும். அங்கே பிடிபட்டுவிடும். மாறாக, முதலில் கொழுப்பை எடுத்து லாக்டோமீட்டர் அளவை 33 வாக்கில் ஏற்றி, பிறகு தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் 29 காட்டும். கருவியை மட்டும் நம்பியவர் ஏமாந்துபோவார். கொழுப்பைப் பார்ப்பவரிடம் மட்டுமே அது பிடிபடும். எனவே 'சோதித்தோம்' என்பவரிடம் கொழுப்பு, லாக்டோமீட்டர் இரண்டின் அளவையும் கேட்க வேண்டும்.

இதில் பால்காரர் பக்கத்து நியாயமும் உண்டு. கறந்த சூட்டோடு அளந்தால் நல்ல பாலும் குறைவாகவே காட்டும். சூடு ஆறிய பிறகு அளந்ததை வைத்துத்தான் பேச வேண்டும்.

எப்போது வந்து சேர்கிறது?

தண்ணீர் கலந்த பாலால் சத்தும் பணமும் நஷ்டம். தாமதமாக வந்த பால் உடம்பையே கெடுக்கும். புதிதாகக் கறந்த பாலில் கிருமிகளைத் தடுக்கும் இயல்பு கொஞ்ச நேரம் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் பால் குளிர வேண்டும், அல்லது கொதிக்க வேண்டும்.

புவனகிரி பக்கத்தில் நாலரை மணிக்குக் கறந்த பால், ஐந்தேகாலுக்கு ஒரே இடத்தில் சேர்ந்து, ஆறரைக்குச் சிதம்பரத்து வீட்டில் இறங்கினால் இரண்டு மணி நேரம். கவலையில்லை. அதே வண்டி அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கடலூரில் கடைசி வீட்டுக்கு எட்டரைக்குப் போனால் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. பால் ஒன்றுதான், ஆனால் முதல் வீட்டுக்கு நல்ல பாலாகவும் கடைசி வீட்டுக்குத் திரியும் பாலாகவும் போய்ச் சேர்கிறது. அறிவிப்பில் வண்டி புறப்படும் நேரம்தான் இருக்கும். நமக்கு வேண்டியது கறந்த நேரமும், நம் வீடு அந்த வழியில் எத்தனையாவது என்பதும். தொலைவு அதிகமென்றால் குளிரூட்டிய பால்தான் சரி. பாக்கெட் பாலானாலும் கையில் வாங்கும்போது சில்லென்று இருக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் இதற்கு இன்னும் கவனம் தேவை. காலைப் பால் வருவதற்குள் ஸஹர் நேரம் முடிந்துவிடும். எனவே முந்தைய மாலைப் பாலைத்தான் வைத்திருப்போம். வந்தவுடன் பொங்கக் காய்ச்சி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 'இரவில் காய்ச்சிக்கொள்ளலாம்' என்று வெளியே வைத்த பால் அதற்குள் திரிந்துவிடலாம்.

தயிர்ச் சட்டி சொல்லும் சேதி

சிலர் புளிக்கத் தொடங்கிய பாலில் ஆப்பச்சோடா போட்டுவிடுவார்கள். அது புளிப்பை மறைப்பதால் காய்ச்சும்போது பால் திரியாது, நமக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் உறைய வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். பாலில் லேசாகச் சோப்பு போன்ற ருசியும் தெரியலாம்.

இன்னொரு காரணம் மருந்து. மடிநோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டால், மருந்தில் குறிப்பிட்ட நாட்கள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. விற்றால் அந்த மருந்து தயிர்க் கிருமியையும் கொன்றுவிடும். பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது நல்ல உறை ஊற்றியும், எட்டு மணி நேரம் கழித்துத் தயிர் நீர்த்துக் கிடந்தால் உறையை மட்டும் குறை சொல்லாதீர்கள். அதே உறையை வேறு பாலில் ஊற்றிப் பாருங்கள். அது உறைந்து இது உறையவில்லை என்றால் குறை பாலில்தான்.

விலைக்கு வாங்கும் தயிர் மட்டும் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு ஸ்பூன் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் டிஞ்சர் இரண்டு சொட்டு விடுங்கள். நீல நிறம் வந்தால் அதில் மாவு இருக்கிறது. இப்படிச் சோதித்த தயிரைக் கொட்டிவிட வேண்டும்.

குறை தெரிந்தால் தேதியையும் பால் வந்த நேரத்தையும் குறித்து முதலில் பால்காரரிடம் சொல்லுங்கள். நேர்மையானவராக இருந்தால் எந்த வீட்டு மாடு என்று தேடிப் பிடித்து அந்தப் பாலை நிறுத்திவிடுவார். பதில் சொல்லாமல் தட்டிக்கழித்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதற்குப் பதிவு எண் உதவும். அதனால் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.