டயோடுக்குள் ஒரு மேடு

மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, 1N4007 டயோடைச் சோதித்தால் திரையில் 0.55 முதல் 0.6 வரை ஏதோவொரு எண் தெரியும். முனைகளை மாற்றி வைத்தால் மின்சாரம் போகாது. மின்சாரத்தை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுப்பது, உள்ளே இருக்கும் பி-என் சந்தி.

சிலிக்கான் படிகத்தின் ஒரு பாதியில் பாஸ்பரஸ் கலந்தால் கூடுதல் எலக்ட்ரான்கள் கிடைக்கின்றன. அது என் பக்கம். மறுபாதியில் போரான் கலந்தால் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், அதாவது துளைகள் உண்டாகின்றன. அது பி பக்கம். இரண்டும் சேரும் எல்லையில் எலக்ட்ரான்கள் பி பக்கமும் துளைகள் என் பக்கமும் விரவி, ஒன்றையொன்று நிரப்பி மறைகின்றன. அவை விட்டுப்போன அணுக்கள் படிகத்தில் பிணைந்திருப்பதால் நகர முடியாது. ஆகவே எல்லையின் என் ஓரத்தில் நேர்மின்னும் பி ஓரத்தில் எதிர்மின்னும் தேங்கிவிடுகின்றன. ஓடித் திரியும் மின்துகள்கள் ஏறக்குறைய இல்லாத இந்தப் பட்டைக்கு இயக்கமில்லாப் பகுதி என்று பெயர்.

தேங்கிய மின்னூட்டங்கள் ஒரு மின்புலத்தை எழுப்புகின்றன. அடுத்து வரும் எலக்ட்ரானுக்கு அது ஏற வேண்டிய மேடு. விரவலும் மின்புலத்தின் இழுப்பும் சமமாகும்போது மேடு வளர்வது நிற்கிறது. இரு பக்கமும் 50 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு கலப்பு அணு என்று வைத்துக்கொண்டால், அறை வெப்பநிலையில் மேட்டின் உயரம் சுமார் 0.7 வோல்ட், பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இந்த 0.7 வோல்ட்டை வோல்ட்மீட்டரால் அளக்க முடியாது. கம்பி சிலிக்கானைத் தொடும் இடங்களிலும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, மொத்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாகிவிடும்.

பேட்டரியின் நேர்முனையை பி பக்கமும் எதிர்முனையை என் பக்கமும் இணைப்பது முன்னோக்குச் சார்பு. அப்போது மேடு தாழ்கிறது, பட்டையும் ஒடுங்குகிறது. எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஒரே ஆற்றல் இருப்பதில்லை. மேட்டைத் தாண்டும் அளவு ஆற்றல் உள்ளவை மிகச் சில. மேடு கொஞ்சம் தாழ்ந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். இலட்சிய டயோடில் 60 மில்லிவோல்ட் கூடும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் பத்து மடங்காகும். 0.6 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் என்றால், 0.54-இல் 0.1, 0.66-இல் 10. எனவே 0.7 வோல்ட் வரை மூடியிருந்து பிறகு சட்டென்று திறக்கும் கதவு எதுவும் உள்ளே இல்லை. அதற்குக் கீழேயும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாக.

சோதனையின்போது டயோடைச் சூடாக்கினால் மீட்டர் காட்டும் எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் இறங்கும். இருபுறமும் பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் சந்தி உருகி ஒட்டிவிட்டது. எந்தப் பக்கமும் எண் வராவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது. பத்து மடங்குக் கணக்குக்கும் எல்லை உண்டு. 1 ஆம்பியர் ஓடும்போது சிலிக்கானின் சொந்த மின்தடையும் சேர்ந்துகொள்வதால், இதே 1N4007-இன் குறுக்கே ஏறத்தாழ 1 வோல்ட் விழும்.