ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு வரிசை போச்சு

வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. கூடவே ஒற்றை வரி: "சார், இதுல இருக்கிற டேட்டாவை எடுத்து எக்செல்ல போட்டு அனுப்பிடுங்க." திறந்து பார்த்தால் பழைய மழையளவுப் பட்டியல். இடது ஓரத்தில் மழைமானி நிலையங்களின் பெயர்கள், பிறகு ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பத்திகள், வலது ஓரத்தில் ஆண்டு மொத்தம். படுக்கைவாட்டில் அச்சான ஏ4 காகிதத்தை யாரோ அவசரமாக ஸ்கேனரில் போட்டிருக்கிறார்கள். பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது.

கண்ணுக்கு இது பெரிய கோளாறாகத் தெரியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி படித்துவிடுவோம். கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. ஏ4 காகிதத்தின் நீளம் 297 மில்லிமீட்டர். அது ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர வேறுபாடு வந்துவிடும். இப்படிப்பட்ட பட்டியல்களில் ஒரு வரிசையின் உயரமே பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டர்தான். ஆக, ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய ஒரு வரிசை. ஒரே உயரத்தில் இருப்பவையெல்லாம் ஒரே வரிசை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், ஏழாவது நிலையத்தின் பெயருக்கு எதிரே ஆறாவது அல்லது எட்டாவது நிலையத்தின் டிசம்பர் மழை போய் உட்கார்ந்துவிடும். எண்கள் எல்லாமே சரியாகப் படிக்கப்பட்டிருக்கும். இருக்கும் இடம்தான் தப்பு. இந்த வேலையில் ஆளைக் கவிழ்க்கும் பிழை இதுதான்.

முதலில் கேட்க வேண்டியவை

வேலையைத் தொடங்கும் முன் அனுப்பியவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். "இதோட எக்செல் ஃபைல் யார்கிட்டயாவது இருக்கா?" என்பது முதல் கேள்வி. இருந்தால் வேலையே மிச்சம். "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்பது அடுத்தது. ஆண்டு மொத்தம் மட்டும் போதுமென்றால் பன்னிரண்டு பத்திகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் மழைப் பட்டியலில் அதுதான் முக்கியம்: "கோடு போட்ட கட்டத்தை என்னன்னு எடுத்துக்கட்டும்?" 0.0 என்றால் அளந்தார்கள், மழை இல்லை. கோடு என்றால் அன்று அளக்கவே இல்லை என்றும் இருக்கலாம், மழை இல்லை என்பதை அந்த அலுவலகம் அப்படி எழுதும் வழக்கமாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிச் சராசரி எடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

பதில் வராவிட்டால், பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடிய வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எல்லாப் பத்திகளையும் எடுங்கள். கோட்டைக் கோடாகவே விட்டுவையுங்கள், சுழியம் போடாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் பக்க எண்ணையும் அந்தப் பக்கத்தில் அது எத்தனையாவது வரிசை என்பதையும் இரண்டு பத்திகளாகச் சேருங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது மூலத்தைத் தேடிப் போக இந்த இரண்டு எண்களே வழிகாட்டும்.

உள்ளே இருப்பது எழுத்தா, படமா?

பிடிஎஃப்-இல் எழுத்து எழுத்தாகவே இருந்தால் டேபுலா, கேமலாட் போன்ற கருவிகள் பட்டியலைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஸ்கேன் செய்த பக்கத்தில் இருப்பது வெறும் படம். அங்கே இவை கைகொடுக்காது. எது என்று அறிய `pdffonts` என்ற கட்டளை உதவும். எழுத்துருப் பட்டியல் காலியாக வந்தால் அது படம்.

இங்கே ஒரு பொறி உண்டு. சில ஸ்கேனர்கள் தாங்களே எழுத்தைப் படித்து, படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைத்துவிடும். மவுஸால் இழுத்தால் எழுத்து தேர்வாகும். நாமும் ஆகா என்று நகலெடுத்துவிடுவோம். ஆனால் அது சாய்ந்த பக்கத்தை ஸ்கேனர் படித்த லட்சணம்தான். ஒரு வரிசையை நகலெடுத்து ஒட்டி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிமிர்த்துவது

சாய்வைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு வழி இது. பக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் கிடைமட்டமாகக் கரும்புள்ளிகளை எண்ணுகிறது. பக்கம் சாய்ந்திருக்கும்போது எழுத்தும் இடைவெளியும் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கை மொத்தையாக இருக்கும். நேராக நிமிரும் கணத்தில் எழுத்து வரிகளில் எண்ணிக்கை விறுவிறுவென ஏறும், இடைவெளிகளில் சட்டென விழும். அந்த ஏற்ற இறக்கம் எந்தக் கோணத்தில் மிகக் கூர்மையாகிறதோ, அதுவே சரியான கோணம். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம்:

```
ocrmypdf --deskew --rotate-pages -l eng mazhai.pdf nimirndhadhu.pdf
```

ஸ்கேனரில் காகிதம் ஒவ்வொன்றாக நுழைவதால் பக்கத்துக்குப் பக்கம் சாய்வு மாறும். முதல் பக்கத்தின் கோணத்தை எல்லாப் பக்கங்களுக்கும் போட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன கட்டளை பக்கம் பக்கமாகவே அளந்து திருப்பும்.

திருப்பினால் தீராத கோளாறுகளும் உண்டு. பட்டியலின் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் அது வெறும் சாய்வு, திருப்பினால் போதும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சாய்ந்திருந்தால் அது மொபைல் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். நான்கு மூலைகளையும் குறித்து இழுத்துச் சதுரமாக்க வேண்டும். கோடே வில்லாக வளைந்திருந்தால், தைத்த புத்தகத்தை விரித்து வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய முயல்வதைவிட, முடிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அழுத்திப் பிடித்து மறுபடி ஸ்கேன் செய்து தரச் சொல்வதே மேல்.

கட்டம் கட்டமாக

நிமிர்ந்த பக்கத்தை அப்படியே முழுசாகப் படிக்கவிட்டால் பட்டியலின் கோடுகளே தொல்லை கொடுக்கும். செங்குத்துக் கோடு 1 என்ற எண்ணாக மாறி, 46.2 என்பது 146.2 ஆகிவிடும். அதனால் முதலில் நீண்ட கோடுகளைக் கண்டறிந்து, அவற்றை எல்லையாக வைத்துப் பக்கத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்வது நல்லது. ஓப்பன்சிவி போன்ற நிரல் நூலகங்களால் இதைச் செய்யலாம். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக டெஸராக்ட் மென்பொருளுக்குக் கொடுத்து, இதில் எண்கள் மட்டும்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம்:

```
tesseract kattam.png stdout --psm 7 -c tessedit_char_whitelist=0123456789.-
```

படம் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் இருந்தால் நன்றாகப் படிக்கும். நிலையப் பெயர்களைப் படிக்கவைக்க மெனக்கெட வேண்டாம். ஒரு மாவட்டத்தின் நிலையங்கள் பெரும்பாலும் வருடா வருடம் அவையேதான். சரியான பட்டியலை ஒருமுறை கையால் தட்டிவிட்டு, பக்கத்தின் வரிசையோடு பொருத்திக்கொள்ளலாம்.

பிழை தன்னையே காட்டிக்கொடுக்கும்

இனிதான் முக்கியமான வேலை. வலது ஓரத்தில் ஆண்டு மொத்தம் அச்சாகியிருக்கிறதல்லவா? ஒவ்வொரு வரிசையிலும் பன்னிரண்டு மாதங்களையும் கூட்டி அதோடு ஒப்பிட வேண்டும். விளக்கத்துக்காக ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம்: 12.0, 0.0, கோடு, 18.4, 46.2, 33.8, 61.5, 97.0, 112.6, 203.4, 318.2, 141.9. அச்சிலுள்ள மொத்தம் 1045.0.

நமக்குக் கிடைத்த எண்களைக் கூட்டினால் 1545.0 வருகிறது என்று வையுங்கள். மிகுதி சரியாக 500. எந்த எண்ணை எதுவாகப் படித்தால் 5 கூடும்? மங்கிய அச்சில் 3-ஐ 8 என்று படித்தால் கூடும். அதுவும் நூறின் இடத்தில். அந்த வரிசையில் நூறின் இடத்தில் 8 உள்ள கட்டம் எது என்று பார்த்தால் நவம்பர்: 818.2. மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 318.2. மற்ற பதினொரு கட்டங்களைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு வரிசையில் மிகுதி 415.8 என்று வையுங்கள். அதை 9 ஆல் வகுத்தால் 46.2. மே மாதக் கட்டத்தில் 462 என்று இருக்கிறது. தசமப் புள்ளி விழுங்கப்பட்டுவிட்டது. ஒற்றைத் தசமப் புள்ளி காணாமல் போனால் எண் பத்து மடங்காகும், மிகுதி அசல் எண்ணின் ஒன்பது மடங்காக இருக்கும். எனவே மிகுதியை 9 ஆல் வகுத்தால் அசல் எண்ணே வெளியே வந்துவிடும்.

இப்படி ஒன்றிரண்டு வரிசைகள் மட்டும் உதைத்தால் அது எழுத்தைப் படித்ததில் வந்த பிழை. ஒரு பக்கத்தில் அநேகமாக எல்லா வரிசைகளும் உதைத்தால் எண்களில் தேடிப் பயனில்லை. அந்தப் பக்கம் சரியாக நிமிரவில்லை, வரிசைகள் நழுவியிருக்கின்றன. இதை அறிய நெடுக்குக் கூட்டல் உதவாது. டிசம்பர் பத்தி முழுக்க ஒரு வரிசை கீழே இறங்கினாலும் அதிலுள்ள எண்கள் அவையேதான். கீழேயுள்ள மொத்தமும் சேர்ந்தே இறங்கியிருக்கும், கூட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். "டோட்டல் டாலி ஆகுது" என்று நிம்மதியாகக் கோப்பை அனுப்பிவிடுவது இப்படித்தான். நழுவலைப் பிடிக்கக் குறுக்கே கூட்ட வேண்டும்.

கூட்டலும் கைவிடும் இடங்கள்

கூட்ட மொத்தமே இல்லாத பட்டியலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

ஸ்கேன் படமே பொய் சொல்வதும் நடந்திருக்கிறது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் கருவியில் நகலெடுத்த ஒரு கட்டட வரைபடத்தில் விசித்திரத்தைக் கண்டார். மூன்று அறைகளின் பரப்பு அசலில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13. கோப்பின் அளவைக் குறைக்க ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோலத் தெரியும் படத்துண்டுகளை ஒரே துண்டாகச் சேமித்துத் திரும்பத் திரும்ப ஒட்டியதே காரணம். மங்கலே இல்லாமல் தெளிவாக அச்சிட்டதுபோல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. `pdfimages -list` கட்டளையை ஓட்டினால் வரும் `enc` பத்தியில் `jbig2` என்றிருந்தால் உடனே பிழை என்று அர்த்தமில்லை. ஆனால் படம் தெளிவாக இருந்தும் கூட்டல் உதைக்கிற கட்டத்துக்கு மூலக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்க அது போதுமான காரணம்.

சில நேரம் அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவரே தவறாகக் கூட்டியிருப்பார். அப்போது கை பரபரக்கும், திருத்தக் கூடாது. அச்சிலிருந்ததை அப்படியே வைத்து, நம் கூட்டலைப் பக்கத்தில் தனிப் பத்தியில் போட வேண்டும். படிக்க முடியாத கட்டத்தைக் காலியாக விட்டு, அதன் படத்துண்டை இரண்டாம் தாளில் ஒட்டி, பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். அந்த எண் எதுவென்று முடிவு செய்ய வேண்டியவர் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர்தான்.