பிரீமியம் 12 பேருக்கு, பயணம் 20 பேருக்கு

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் தெருவுக்குத் தெரு வேன் பேசி முடிப்பார்கள். மாதம் எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்கு வரும், டிரைவர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் விசாரிப்பார்கள். “இன்ஷூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டால், “எல்லாம் கரெக்டா இருக்குங்க” என்று பதில் வரும். பெரும்பாலும் அது பொய்யில்லை. பாலிசி இருக்கத்தான் செய்யும். அது எத்தனை பேருக்கு, எந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகு நீதிமன்றத்தில் முதலில் எழுவது அந்தக் கேள்விதான்.

பயணிக்கு இவ்வளவு ரூபாய்தான் என்ற உச்சவரம்பு பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. கடைசியாக அது ஒருவருக்கு 15,000 ரூபாய். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி தர வேண்டும் என்றாகிவிட்டது. ஆக, இன்று வரம்பு ரூபாயில் இல்லை, தலைக்கணக்கில் இருக்கிறது.

காரணம், பயணிகள் வாகனத்துக்குப் பிரீமியத்தையே தலைக்கணக்கில்தான் வாங்குகிறார்கள். 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வாடகை வேனுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 14,343 ரூபாய். அதோடு அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 877 ரூபாய். 12 பேர் வேன் என்றால் வரி நீங்கலாக 24,867 ரூபாய் ஆகிறது. பள்ளிக்கே சொந்தமான பேருந்துக்கு இந்தக் கட்டணம் குறைவு.

அந்த 12 பேர் வேனில் 20 உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், வண்டி கவிழ்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கும் காயம். தீர்ப்பாயம் விதித்த இழப்பீடு எல்லாம் சேர்த்து 80 லட்சம். கூடுதல் ஆள் ஏற்றியதாலேயே கம்பெனி முழுவதுமாகக் கையை விரித்துவிட முடியாது. அதேபோல முழுத் தொகையும் அதன் தலையில் விழுவதும் இல்லை. 42 பேருக்கான பேருந்தில் சுமார் 90 பேர் சென்று விபத்துக்குள்ளான அஞ்சனா ஷ்யாம் வழக்கில், 2007இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கணக்கு சொன்னது. இழப்பீட்டுத் தொகைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, பாலிசி எத்தனை பேருக்கோ அத்தனை தொகைகளை மேலிருந்து எடுத்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைக் கம்பெனி கட்டிவிட வேண்டும். அதைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பகிர வேண்டும்.

நம் கணக்கில் முதல் 12 பெரிய தொகைகள் சேர்ந்து 60 லட்சம் வருகிறது என்போம். கம்பெனி கட்டுவது அந்த 60 லட்சம். அது 80 லட்சத்தில் முக்கால் பங்கு. ஆகவே 8 லட்சம் விதிக்கப்பட்ட பிள்ளைக்கு உடனே கிடைப்பது 6 லட்சம். மீதி 2 லட்சத்தை வேன் உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். கடன் வாங்கி ஒரே ஒரு வேன் ஓட்டுகிறவரிடம் இருபது குடும்பங்களின் பாக்கி எப்படி வசூலாகும்? இன்னொன்றும் கவனியுங்கள். இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்து போன பிள்ளைக்கும் இதே முக்கால் பங்குதான்.

அடுத்தது பர்மிட். பர்மிட் இல்லாத வண்டி, பர்மிட் அனுமதிக்காத காரியத்துக்கு ஓடிய வண்டி என்றால் கம்பெனி எதிர்வாதம் செய்யச் சட்டமே இடம் தருகிறது. பர்மிட்டே இல்லாமல் ஓட்டுவது சட்டத்தை அடிப்படையிலேயே மீறுவது என்று 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றே உத்தரவிட்டது. வழக்கறிஞர்கள் ‘பே அண்ட் ரெகவரி’ என்று சொல்வது இதைத்தான். பிள்ளையின் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். உரிமையாளருக்கோ வீடு, வண்டி எல்லாம் போகக்கூடிய கட்டம்.

பள்ளிப் பேருந்தை ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கோ மாநாட்டுக்கோ அனுப்பும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். ‘கல்வி நிறுவனப் பேருந்து’ என்பது அந்த நிறுவனத்தின் மாணவர்களையும் பணியாளர்களையும் அதன் வேலையாக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. டிரைவரின் லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு வந்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட பயணிகள் வேனை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பெரிய பேருந்துக்கு இது பொருந்தாது.

இதுவரை சொன்னதெல்லாம் மஞ்சள் போர்டு வண்டிகளின் கதை. உண்மையான அபாயம் ஒயிட் போர்டு வண்டியில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஆம்னி வேனில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். அதற்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், சாலையில் அடிபட்டவருக்கு அது பணம் தரும். தனியார் காருக்குள் இருப்பவர் அந்தப் பாலிசியில் அடங்கமாட்டார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முழுப் பாலிசியே இருந்தாலும், காரில் பயணிப்பவர்களுக்குப் பொறுப்பேற்கும் வாசகத்திலேயே ‘கட்டணத்துக்கு ஏற்றப்படாதவர்கள்’ என்ற நிபந்தனை இருக்கிறது. மஞ்சள் போர்டு வேனில் நடந்தது நிபந்தனை மீறல். அதனால் கம்பெனி கொடுத்துவிட்டு வசூலிக்கிறது. இங்கே அந்தப் பிள்ளைக்கென்று பாலிசியே எடுக்கப்படவில்லை. சில தீர்ப்புகளில் இரக்கம் காட்டப்பட்டாலும், அதை நம்பிப் பிள்ளையை ஏற்ற முடியாது.

பணியாளர் பேருந்தில் சிக்கல் வேறு வகை. டிராவல்ஸிடம் வாடகைக்கு எடுத்த பேருந்து என்றால், அதில் போகிற தொழிலாளி அந்த வண்டிக்குச் சாதாரணப் பயணிதான். கம்பெனியே தன் பெயரில் வாங்கி ஓட்டும் பேருந்து என்றால் நிலைமை மாறுகிறது. பாலிசிதாரரின் ஊழியர் வேலையின் தொடர்பில் அடிபட்டால், சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று வழக்கமான வணிக வாகனப் பாலிசி விலக்கு வைத்திருக்கிறது. ஊழியர்களுக்கான பொறுப்பைத் தனியாகச் சேர்த்து வாங்கியிருக்கிறார்களா என்பது ஷெட்யூலில் தெரியும். பள்ளி வேனில் வரும் ஆயாவும் ஊழியர்தான், பேருந்தில் ஏறும் ஆசிரியையும் ஊழியர்தான். டிரைவர், கிளீனருக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருப்பார்கள். ஆயாவைக் கணக்கில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

பெற்றோர் இதையெல்லாம் யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வாகன வகை, இன்ஷூரன்ஸும் எஃப்.சி.யும் எதுவரை என்பதெல்லாம் தெரிந்துவிடும். வாகன வகை `Motor Car` என்றிருந்தால் அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள். `Maxi Cab` என்றோ `Educational Institution Bus` என்றோ இருந்தால் உரிமையாளரிடம் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள பயணிகள் எண்ணிக்கையும் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒருநாள் காலையில் வேனுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மிஞ்சினால் மற்ற பெற்றோரையும் கூட்டிச் சென்று பேசுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பர்மிட் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று சொல்லுங்கள்.