முதலில் யாரிடம் சொன்னீர்கள்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். ஒப்புரவு அருளடையாளம் பெறுவதற்காக அல்ல, மனம்விட்டுப் பேசுவதற்காக. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவரே அனுமதி தந்ததால், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

திருமணமாகி 9 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். கணவர் ஷிப்ட் வேலைக்குச் செல்பவர், நல்லவர். இவர் வேலை செய்யும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோடு மாலைத் தேநீர் நேரத்தில் பேசிப் பழக்கம். "ஃபாதர், தப்பா எதுவும் நடக்கல. ஆனா அம்மாவுக்கு மார்புல கட்டின்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு நான் முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். வீட்டுக்காரருக்கு ராத்திரிதான் தெரியும். இது என்னன்னு எனக்கே புரியல" என்றார்.

அந்தச் செய்திக்கு இரண்டு பேரும் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். சக ஊழியர், "ரொம்பப் பயமா இருக்கா?" என்று கேட்டாராம். கணவர், "எவ்வளவு செலவாகுமாம்?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் தன் மனம் மூடிக்கொண்டது என்றார்.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று பார்ப்போம். சக ஊழியருக்கு அந்தச் செய்தி 15 நிமிடப் பேச்சு. மருத்துவமனைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. அதனால் அவரால் அமைதியாகக் கேட்க முடிகிறது. கணவருக்கோ அதே செய்தி ஒரு சுமையாகவும் வந்து சேர்கிறது. சுமை ஏறியவுடன் காது அடைத்துக்கொள்கிறது. எனவே, "இவர் கேட்கிறார், அவர் கேட்பதில்லை" என்ற ஒப்பீடு சமமான ஒப்பீடு அல்ல. அதற்காகக் கணவரின் பதில் சரி என்று நான் சொல்லவில்லை. மனைவியின் தவிப்பு உண்மையானது.

ஷெர்லி கிளாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-இல் வெளியிட்ட நூலில் எளிய உருவகம் ஒன்றைத் தருகிறார். கணவன் மனைவிக்கு இடையே சன்னல் இருக்க வேண்டும். வெளியாருக்கும் அவர்களுக்கும் இடையே சுவர் இருக்க வேண்டும். நட்பு எல்லை தாண்டும்போது இவை இடம் மாறுகின்றன. வீட்டுக் குறைகளை வெளியாரிடம் சொல்லும்போது அங்கே சன்னல் திறக்கிறது. அதை வீட்டில் மறைக்கும்போது இங்கே சுவர் எழும்புகிறது.

நமது நட்பு எங்கே நிற்கிறது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முதலில் யாரிடம் சொல்லத் தோன்றுகிறது? அவரிடம் என் துணையின் குறைகளைப் பேசுகிறேனா? எங்கள் பேச்சை, கைப்பேசிச் செய்தியை, என் துணை பார்த்தால் பதறுவேனா? ஒருவர்மேல் மனம் சாய்வது நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் மறைப்பது நாமே எடுக்கும் முடிவு. அந்தச் சகோதரி ஏற்கெனவே சில செய்திகளை அழித்திருந்தார்.

சக ஊழியரிடம் பெரிய விளக்கம் கொடுக்க வேண்டாம் என்றேன். அந்த விளக்கமே இன்னும் நெருக்கமான பேச்சாகிவிடும். தேநீருக்கு மற்றவர்களோடு சேர்ந்து போகலாம், வீட்டு விஷயத்தை நிறுத்தலாம், வேலை பற்றிய பேச்சு தொடரலாம்.

கணவரிடம், "நீங்க கேட்கறதே இல்ல" என்று தொடங்காமல், "இதுக்கு வழி சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டா போதும்" என்று கேட்கச் சொன்னேன். ஒருவர் பேசி முடித்ததும், மற்றவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே பதில். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் வேண்டாம், பிள்ளைகள் தூங்கிய பின் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முதல் இரண்டு முறையும் கணவர் நடுவிலேயே யோசனை சொல்லத் தொடங்கிவிட்டாராம். மூன்றாம் முறைதான் முழுவதும் கேட்டார். பிறகு தம் பங்கைச் சொன்னார். செலவு பற்றிக் கேட்ட மறுநாளே அவர் வேலையிடத்தில் முன்பணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைக்குமோ கிடைக்காதோ என்று மனைவியிடம் சொல்லவில்லை. அவருக்கும் பயம்தான், அதைப் பேசத் தெரியவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. பலமுறை முயன்றும் துணை பேச மறுத்தால், இருவரும் நம்பும் ஒருவரையோ குடும்ப நல ஆலோசகரையோ நாடுங்கள். அடி உதை இருக்கும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. அங்கே இந்தப் பத்து நிமிட வழி பொருந்தாது.

எம்மாவு வழியில் நடந்தவர்களிடம் உயிர்த்த ஆண்டவர் முதலில் கேள்வி கேட்டார். நடந்தது அனைத்தும் அவருக்குத் தெரியும். ஆயினும் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதன் பிறகே பேசினார். இன்று இரவு உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ சொல்லத் தொடங்குவார். அவர் சொல்லி முடிக்கட்டும்.