வீட்டு ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கும்போது தடுமாற வைக்கும் சொற்கள்

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல, தாமான்களில் தரை வீடு வாங்குகின்றன. கையெழுத்திடும் ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் அதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்வார். அகராதியைப் பார்த்து அப்படியே சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும்.

இத்தகைய வீடுகளுக்கு 1989-ஆம் ஆண்டு வீடமைப்பு விதிமுறைகளின் ஜி அட்டவணை ஒப்பந்தமே பயன்படுகிறது. மேம்பாட்டாளர் அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சொந்த நிலத்தில் குத்தகையாளரை வைத்துக் கட்டுவோருக்கு இது பொருந்தாது. அங்கே இருவரும் எழுதிக்கொண்டதுதான் கணக்கு.

பணம் கட்டும் கட்டங்களில் ‘ஃபினிஷஸ்’ என்று ஒரு சொல் வரும். அதை ‘முடிவு’ என்று சொன்னால் வீடே முடிந்துவிட்டதாக அப்பா நினைப்பார். உண்மையில் அது சுவர்ப்பூச்சு போன்ற மேல்வேலைகளைக் குறிக்கும். அந்தக் கட்டத்துக்கு விலையில் 10 விழுக்காடு. கட்டுமான விவரங்களில் வரும் ‘அயர்ன்மங்கரி’ என்பதும் இரும்புக் கம்பி அல்ல. கதவுப் பூட்டு, கீல் வகைகள்.

அதைவிட ஆபத்தான சொல் ‘ஸ்டேக்ஹோல்டர்’. நாளிதழ்களில் அதற்குப் ‘பங்குதாரர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ஒப்பந்தத்தில் அது, மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தைப் பிடித்து வைத்திருப்பதைக் குறிக்கும். இரண்டு லட்சம் ரிங்கிட் வீடு என்றால் 5 விழுக்காடான 10,000 ரிங்கிட் அவரிடம் இருக்கும். வீடு ஒப்படைக்கப்பட்டு 8 மாதத்தில் 5,000, 24 மாதத்தில் மீதி 5,000 மேம்பாட்டாளருக்குப் போகும். பங்குதாரர் என்று புரிந்துகொண்டவர், அந்தப் பணத்தைக் காட்டிப் பழுதைச் சரிசெய்யக் கேட்கலாம் என்பதை அறியவே மாட்டார்.

பழுதுப் பொறுப்புக் காலமும் அதே 24 மாதம்தான். ‘ஷ்ரிங்கேஜ்’ என்பதை வெறுமனே ‘சுருக்கம்’ என்றால் ஒப்பந்தச் சுருக்கம் என்று எண்ணத் தோன்றும். ‘காய்ந்து சுருங்குவதால் வரும் விரிசல்’ என்று நீட்டியே சொல்லலாம். அந்தக் காலத்துக்குள் பழுது ‘வெளியே தெரிய வேண்டும்’ என்பதே விதி. ஆகவே கட்டும்போதே இருந்து, பிறகு தெரிந்த குறையும் இதில் அடங்கும். ஒப்பந்தத்தில் சொன்ன பொருளுக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருந்தாலும் பழுதுதான்.

எழுத்து மூலம் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தள அலுவலகத்தில் வாயால் சொன்னது அறிவிப்பாகாது. தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க வேண்டும். இரண்டு கட்டப் பணம் விடுபடும் நாளை விளக்குபவர் காலண்டரிலேயே குறித்துக் கொடுத்துவிடலாம். சாவி வாங்கத் தாமதித்தாலும், ஒப்படைப்பு அறிவிப்பில் கண்ட கெடு முடிந்ததும் 24 மாதம் ஓடத் தொடங்கிவிடும்.