சைக்கிள் கம்பியில் ஒரு துண்டு

பெற்றோரின் வெள்ளி விழாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கவிதை பெரும்பாலும் முதல் வரியிலேயே வழுக்கிவிடுகிறது. 'அன்பின் இமயமே, தியாகச் சுடரே' என்று தொடங்கினால், அதை எந்த வீட்டு விழாவிலும் வாசித்துவிடலாம்.

25 ஆண்டுக் கணக்கில் மூத்த பிள்ளைக்குப் பொதுவாக 24 வயதுக்கு மேல் இருக்காது. பெற்றோரின் கல்யாணத்தை அவர் பார்த்ததில்லை. அதனால் மணமேடையை வர்ணிப்பதை விட, கண்ணால் கண்டதை எழுதுவதே சரி. 'அப்பா எங்களுக்காகப் பாடுபட்டார்' என்பதை இப்படி மாற்றிப் பார்க்கலாம்:

அப்பா சைக்கிள் கம்பியில் எனக்காகத் துண்டு மடித்துப் போட்டார்;
டப்பாவின் அடிச்சோற்றில் அம்மா முட்டையை ஒளித்து வைத்தார்.

பாடு என்ற சொல்லே இல்லை, பாடு தெரிகிறது. அப்பா, டப்பா என இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையால் வரிகள் காதிலும் தங்குகின்றன. ஆனால் எதுகைக்காக நடக்காததைச் சேர்த்தால், அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பார்!

இப்படிப் பன்னிரண்டு வரி போதும். விழாவுக்கு முன் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். இன்னொரு பிரதியைத் தங்கையிடம் கொடுத்து வையுங்கள். முட்டை வரியில் உங்கள் குரல் உடைந்தால் அவர் தொடரட்டும்.