டவுன்லோட் முடிந்தது, உள்ளே ஒன்றுமில்லை!

தேர்வு நெருங்கும் நேரத்தில் ஹால் டிக்கெட்டை இறக்குகிறோம். திரை 'முடிந்தது' என்கிறது. ஃபைலைத் தொட்டால் திறக்க மறுக்கிறது, அல்லது வெள்ளைத் தாளாகத் திறக்கிறது. இரண்டும் ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. பிடிஎஃப் ஃபைல்களை வைத்து இதைப் பார்ப்போம்.

ஃபைலின் பெயர் இருக்கிறது, அளவு மட்டும் 0 பைட். எப்படி?

ஃபைலின் பெயரும் அதன் உள்ளடக்கமும் கணினியில் ஒரே நேரத்தில் எழுதப்படுவதில்லை. முதலில் பெயரைப் பதிந்து இடம் பிடித்துக்கொள்கிறது. உள்ளடக்கம் பிறகுதான் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் இதைக் கண்ணாலேயே காணலாம். டவுன்லோட் நடக்கும்போது கேட்ட பெயரில் 0 பைட்டில் ஒரு ஃபைல் நிற்கும். வந்துகொண்டிருக்கும் உள்ளடக்கம் பக்கத்திலேயே `.part` என்று முடியும் இன்னொரு ஃபைலில் சேரும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அது உரிய பெயருக்கு மாறும். இடையில் இணைப்பு அறுந்துவிட்டால் வெறும் பெயர் மட்டும் மிஞ்சிவிடக்கூடும். குரோம் வேறு வழியில் போகிறது: முடியாத ஃபைலின் பெயர் `.crdownload` என்று முடியும். அப்படி ஒன்று இருந்தால் டவுன்லோட் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

பக்கத்தில் `.part` எதுவும் இல்லை, போனிலும் கணினியிலும் இடம் தாராளமாக இருக்கிறது, வேறு பிரவுசரில் இறக்கினாலும் அதே 0 பைட் என்றால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. ஹால் டிக்கெட் போன்றவற்றைப் பல தளங்கள் முன்கூட்டியே தயாரித்து வைப்பதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடியில்தான் உங்கள் விவரங்களை எடுத்து பிடிஎஃப் ஆக்குகின்றன. அந்த வேலை பாதியில் நின்றுவிட்டாலும் சில சர்வர்கள் 'இதோ ஃபைல்' என்று வெறும் பதிலை அனுப்பிவிடும். பிரவுசருக்கு அது முழுமையான பதில்தான். அதனால் தயங்காமல் 'முடிந்தது' என்று சொல்கிறது. வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். நெரிசல் குறைந்த நேரமாக இருந்தால் நல்லது.

அளவு 14 கேபி இருக்கிறது. ஆனாலும் 'திறக்க முடியவில்லை' என்கிறதே?

அது பெரும்பாலும் பிடிஎஃப்பே அல்ல. விண்டோஸ் கணினியில் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் இப்படித் தொடங்கும். கடைசி எண் மாறலாம்.

```
%PDF-1.4
```

அதற்குப் பதிலாக இப்படித் தொடங்கினால், வந்திருப்பது ஒரு இணையப் பக்கம்.

```
<!DOCTYPE html>
```

ஹால் டிக்கெட்டைக் கேட்டீர்கள். சர்வரோ 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்று ஒரு பக்கத்தை அனுப்பியது. அதை பிரவுசர் `.pdf` என்ற பெயரில் சேமித்துவிட்டது. அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் முடிவை `.html` என்று மாற்றித் திறந்தால் சர்வர் சொல்ல வந்ததைப் பெரும்பாலும் படித்துவிடலாம். காரணம் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஃபைல் திறக்கிறது, பக்க எண்ணிக்கையும் சரி. ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளை. இது என்ன?

பலரைக் குழப்புவது இதுதான். பிரிண்டரையும் போனையும் சந்தேகித்தே ஒரு நாள் போய்விடும்.

பிடிஎஃப்புக்குள் இரண்டு வகைச் சரக்கு உண்டு. எத்தனை பக்கம், தாளின் அகலம் என்ன, எது எங்கே இருக்கிறது என்ற சட்டகம் ஒரு வகை. பல ஃபைல்களில் இது சாதாரண ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் தெரிய வேண்டிய எழுத்தும் புகைப்படமும் இன்னொரு வகை. இவை சுருக்கப்பட்ட பைட்டுகளாக இருக்கும். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை எந்த மதிப்பையும் எடுக்கலாம்.

தளத்தை எழுதியவர் இந்த ஃபைலை அப்படியே கடத்தாமல், ஏதோ ஒரு கட்டத்தில் அதை எழுத்துகளாலான உரை என்று எண்ணிக் கையாள்வதுபோல் நிரல் எழுதிவிடுகிறார். உரையாக வாசிக்கும்போது 127 வரையான மதிப்புகளுக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் எந்த எழுத்தோடும் பொருந்தாது. பொருந்தாத இடங்களில் எல்லாம் � என்ற ஒரே குறியை நிரல் போட்டுவிடும். சட்டகம் ஆங்கில எழுத்துகளில் இருப்பதால் தப்பிவிடுகிறது, உள்ளடக்கம் சிதைந்துவிடுகிறது. பக்கங்கள் சரியான எண்ணிக்கையில் வெள்ளையாகத் திறப்பது இதனால்தான். சட்டகத்தையும் சேர்த்துச் சுருக்கிய புதிய வகை பிடிஎஃப் என்றால் அது திறக்கவே திறக்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி, அளவை ஒப்பிடுவது. � என்ற அந்தக் குறி மூன்று பைட் இடம் பிடிக்கும். அதனால் கெட்ட ஃபைல் நல்லதைவிடப் பெரிதாக இருக்கும். அதே தேர்வு எழுதும் நண்பருக்குச் சரியாக வந்த ஹால் டிக்கெட் 240 கேபி, உங்களுடையது 430 கேபி, திறந்தால் வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். நோட்பேடில் திறந்தால் முதல் வரி ஒழுங்காக `%PDF-` என்று இருக்கிறது. கீழே போகப் போக � என்ற குறியே வரிவரியாக வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த வழியில் எத்தனை முறை இறக்கினாலும் இப்படித்தான் வரும். மின்னஞ்சலில் வந்த நகல், எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பு, டிஜிலாக்கர் என்று வேறு எந்த வழி திறந்திருக்கிறதோ அதில் எடுங்கள். உதவி மையத்துக்கு எழுதும்போது 'திறக்கவில்லை' என்று மட்டும் சொல்லாமல், ஃபைலின் அளவையும் � குறி தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்த வேண்டியவருக்கு எங்கே தேடுவது என்று அதிலேயே புரிந்துவிடும்.

வெள்ளைத் தாளுக்குப் பதிலாக `Please wait...` என்று தொடங்கும் ஆங்கில வாசகம் தெரிந்தால் ஃபைல் நல்லதுதான். அது எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவம். போனிலும் பல பிரவுசர்களிலும் அது திறக்காது. கணினியில் அடோபி அக்ரோபேட் ரீடரில் திறக்கும்.

கணினியில் நன்றாக இருந்தது, பென் டிரைவில் போட்டு வந்தால் 0 பைட். ஏன்?

முதல் கேள்வியின் பதில்தான் இங்கேயும். பென் டிரைவிலும் பெயர் முதலில் பதிவாகிறது, அளவு கடைசியில் எழுதப்படுகிறது. எழுதி முடியும் முன் பிடுங்கிவிட்டால் பெயர் மட்டும் தங்கும். `Eject` கொடுத்துவிட்டு எடுங்கள்.

Properties-இல் `Size on disk` மட்டும் 0 என்று காட்டுகிறது. அதுவும் கோளாறா?

இல்லை. மேலே உள்ள `Size` சரியாக இருந்தால் கவலை வேண்டாம். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஃபைல் இன்னும் இணையத்திலேயே இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. இணைப்பு உள்ளபோது ஒருமுறை திறந்தால் கணினிக்கு வந்துவிடும்.

ரிப்பேர் செய்யும் சாஃப்ட்வேர் உதவுமா?

0 பைட் ஃபைலில் பழுது பார்க்க எதுவும் இல்லை. � குறி நிறைந்த ஃபைலில் பழைய மதிப்புகள் அழிந்தேவிட்டன. வெவ்வேறு மதிப்புகள் எல்லாம் ஒரே குறியாகிவிட்ட பிறகு எது எதுவாக இருந்தது என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. இதற்காகப் பணம் கட்டாதீர்கள், முன்பின் தெரியாத தளத்தில் உங்கள் ஆவணத்தை ஏற்றவும் வேண்டாம். மூலத்திலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றே வழி. பிரவுசிங் சென்டரில் இறக்குகிறவர்கள் அங்கேயே ஃபைலைத் திறந்து, பெயரும் புகைப்படமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.